வயலில் ஓநாய்ச் சிலந்தி இல்லாமல் போனால்: உணவு வலையும் ஆற்றல் பிரமிடும்

12ஆம் வகுப்பு, விலங்கியல் ஒப்படைப்பு
கேள்வி: உங்கள் ஊரில் உள்ள ஒரு சூழல்மண்டலத்தின் உணவு வலையையும் ஆற்றல் பிரமிடையும் விளக்குக. அதிலிருந்து ஓர் உயிரினத்தை நீக்கினால் என்ன நடக்கும்?

நான் எடுத்துக்கொண்டது திருவாரூர்ப் பக்கம் உள்ள எங்கள் தாத்தாவின் சம்பா வயல். நீக்கிப் பார்க்கும் உயிரினம் ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னாது, ஓடிப் பிடிக்கும். தூரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே குனிந்து பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்த ஒன்று, வெள்ளை முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டே தண்ணீர்மேல் ஓடியது. குஞ்சு பொரித்ததும் எல்லாம் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

வயலின் உணவு வலை

நெல், களை, பாசி ஆகியவை உற்பத்தியாளர்கள். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான புகையான், இலைச்சுருட்டுப் புழு, நத்தை, எலி ஆகியவை இவற்றைத் தின்னும். புகையானைச் சிலந்தியும் தட்டானும் தவளையும் பிடிக்கும். தவளை சிலந்தியையும் விழுங்கும். அதனால் புகையானைத் தின்னும்போது தவளை மூன்றாம் ஊட்டமட்டத்திலும், சிலந்தியைத் தின்னும்போது நான்காம் ஊட்டமட்டத்திலும் இருக்கிறது. தண்ணீர்ப்பாம்பும் மடையானும் தவளையைப் பிடிக்கும். எலி போவது சாரைக்கும் கூகைக்கும்.

பலர் வரையும் படத்தில் ஒரு வழி விட்டுப்போகிறது. தொழுஉரமும் பழைய நெல் தாளும் தண்ணீரில் மக்கும்போது அதில் கடிக்காத சிறு ஈக்கள் பெருகும். நாற்று நட்ட புதிதில் புகையான் அதிகம் இருக்காது. அப்போது சிலந்திக்குச் சாப்பாடு இந்த ஈக்கள்தான். புகையான் வந்து சேரும்போது சிலந்திகள் ஏற்கெனவே பெருகித் தயாராக இருக்கின்றன. மக்கும் பொருளிலிருந்து தொடங்கும் சங்கிலி, நெல்லில் தொடங்கும் சங்கிலியைக் காப்பாற்றுகிறது.

ஆற்றல் பிரமிட்

லின்ட்மேன் 1942இல் சொன்ன பத்து விழுக்காடு விதிப்படி, நெற்பயிரில் 10,000 கிலோஜூல் இருந்தால் புகையானுக்கு 1,000, சிலந்திக்கு 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1 கிலோஜூல் போய்ச் சேரும். இது கணக்குக்காக எடுத்த எண். உண்மையில் இந்த விழுக்காடு கூடும், குறையும்.

மீதி எங்கே போகிறது? சுவாசத்தில் வெப்பமாக நிறையப் போகிறது. தின்னப்படாமலும் செரிக்காமலும் போவது இன்னொரு பங்கு. புகையானிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது உறிஞ்சும் சாற்றில் பெரும்பகுதியை இனிப்புக் கழிவாக வெளியே விட்டுவிடும். அது விழுந்த இலையில் கரும்பூசணம் படரும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எண்ணிக்கைப் பிரமிட் தலைகீழாகலாம் (ஒரு மரம், ஆயிரம் பூச்சி). ஆற்றல் பிரமிட் ஒருபோதும் அப்படி ஆகாது.

சிலந்தியை நீக்கினால்

பிரமிடை மட்டும் பார்த்தால், நூறில் ஒரு பங்கு ஆற்றல் மட்டும் எட்டும் ஓர் உயிர் போனால் என்ன என்று தோன்றும். என் பதில் இதற்கு நேர்மாறானது. சிலந்தி எடுத்துக்கொள்ளும் ஆற்றல் கொஞ்சம்தான், ஆனால் அது தின்றுவிடும் புகையான்கள் பெருகியிருந்தால் நெல்லிலிருந்து உறிஞ்சியிருக்கும் ஆற்றல் மிக அதிகம். பிரமிடில் இது தெரியாது.

பலவகை உயிர்களையும் சேர்த்துக் கொல்லும் பூச்சிமருந்தை அடித்தால் சிலந்தி செத்துவிடும். புகையான் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆள் இருக்காது. புகையானுக்கு ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், சிலந்திக்குச் சில மாதங்கள் வேண்டும். முதலில் புகையான் எகிறும். அப்புறம் பயிர் வட்ட வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். கடைசியில் உணவே தீர்ந்து புகையானும் வேறு வயலுக்குப் பறக்கும். தவளையும் தட்டானும் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் தூரின் அடியில் அவ்வளவு நெருக்கமாக வேட்டையாட சிலந்திபோல் அவற்றால் முடியாது.

இந்தோனேசியாவில் இது நாடளவில் நடந்தது. புகையான் திரும்பத் திரும்ப வந்ததால், 1986இல் அங்கே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். வேறொரு சூழலில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1963 முதல், சிப்பிகளைத் தின்னும் நட்சத்திரமீன்களை மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். சிப்பிகள் இடத்தை அடைத்துக்கொண்டதில் 15 இனங்கள் 8ஆகக் குறைந்தன.

எல்லா உயிரினமும் இப்படி இல்லை. மடையானை நீக்கினால் தவளையைப் பிடிக்கத் தண்ணீர்ப்பாம்பும் கொக்கும் இருக்கின்றன. எங்கள் வயலில் பெரிய மாற்றம் வராது என்றே நினைக்கிறேன்.

நான் எண்ணியது

தாத்தா வயலில் 20 நெற்குத்துகளில் 17 சிலந்திகள். வரப்புக்கு அந்தப் பக்கம் மருந்து அடித்த வயலில், அடித்த நான்காம் நாள், 20 குத்துகளில் 2. மூன்று வாரம் கழித்து அந்த வயலில் இரண்டு இடத்தில் வட்டமாகக் காய்ந்திருந்தது. அங்கே யூரியாவும் அதிகம் போட்டிருந்தார்கள், அதுவும் புகையானைக் கூட்டும். அதனால் சிலந்தி இல்லாததே காரணம் என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அடுத்த சம்பாவில் ஒரே அளவு யூரியா போட்ட இரண்டு வயல்களில் எண்ணிப் பார்க்க வேண்டும்.