வட்டிக்கு வட்டி

அனைவருக்கும் வணக்கம். முதன்முறையாகச் சேமிக்கத் தொடங்கும் உங்களுக்கு, கூட்டு வட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு விளக்குகிறேன்.

நீங்கள் 10,000 போடுகிறீர்கள், ஆண்டு வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 800 கிடைக்கிறது. அதை எடுக்காமல் விட்டுவைத்தால், இரண்டாம் ஆண்டு வட்டி 10,800-க்குக் கணக்கிடப்பட்டு 864 ஆகிறது. அந்தக் கூடுதல் 64 தான் வட்டிக்குக் கிடைத்த வட்டி. பார்ப்பதற்கு அற்பத் தொகைதான். சிலர் நாலைந்து ஆண்டுகளில் சலித்துப்போய்ப் பணத்தை எடுத்துவிடுவதும் அதனால்தான். ஆனால் 30 ஆண்டுகள் தொடாமல் இருந்தால், தனிவட்டியில் 34,000 மட்டுமே ஆகும் அதே பணம், கூட்டு வட்டியில் 1,00,600-ஐத் தாண்டிவிடுகிறது. கடைசி ஓராண்டின் வட்டி மட்டுமே ஏறத்தாழ 7,450.

பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று அறிய, 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 8 சதவீதத்துக்கு 9 ஆண்டுகள்.

கிரெடிட் கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு எதிர்த்திசையில், இன்னும் வேகமாக ஓடுகிறது என்பதால், அவர்கள் முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவிட்டுச் சேமிப்புக்கு வருவதே நல்லது.