பாட மாற்றம் தொடர்பில் சந்திப்பு நேரம் கோரல்

உப்சாலா, சுவீடன்
08.09.2025

மாணவர் கல்வி ஆலோசகர்,
புவியியற்றுறை, கலைப்பீடம்,
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்,
திருநெல்வேலி.

மதிப்புக்குரிய அம்மா,

பரிமாற்றக் கற்கைக்கால பாட மாற்றங்கள் குறித்துத் தங்களோடு கலந்துரையாட நேரம் கோருதல்

வணக்கம். புவியியற் சிறப்புக் கற்கையின் மூன்றாம் வருட மாணவியாகிய நான், துறையின் அனுமதியுடன் இந்த அரையாண்டை உப்சாலாவில் பரிமாற்ற மாணவியாகக் கற்று வருகிறேன். நான் இங்கு வருவதற்கு முன் தாங்களும் துறைத் தலைவரும் ஒப்பமிட்ட கற்றல் உடன்படிக்கையில் இரண்டு பாடங்களை மாற்ற வேண்டிய தேவை எழுந்துள்ளது. அதுபற்றி இணையவழியில் அரை மணி நேரம் தங்களுடன் பேச வாய்ப்பளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் வியாழக்கிழமை 11ஆம் திகதி பிற்பகல் 2.00 மணி முதல் 4.00 மணி வரையும், வெள்ளிக்கிழமை 12ஆம் திகதி முற்பகல் 11.30 மணிக்குப் பின் எந்நேரமும் என்னால் இணைய முடியும். இவை இலங்கை நேரங்கள். இங்குள்ள நேரம் இப்போது மூன்றரை மணித்தியாலம் பிந்தியது என்பதால், தாங்கள் இலங்கை நேரத்தையே குறிப்பிட்டால் போதும், நான் அதற்கேற்பக் காத்திருப்பேன்.

சந்திப்பின்போது தங்கள் நேரம் விளக்கங்களிலேயே கழிந்துவிடக் கூடாது என்பதற்காக விடயத்தை இங்கு முழுமையாக எழுதுகிறேன்.

இங்கு ஓர் அரையாண்டுக்கு முப்பது ஐரோப்பிய கிரெடிட்டுகள். ஒவ்வொரு பாடமும் ஏழரை கிரெடிட் கொண்டது. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இரண்டு பாடங்களைச் சமாந்தரமாகவும், நவம்பர் தொடக்கம் சனவரி நடுப்பகுதி வரை மற்றைய இரண்டையும் கற்க வேண்டும். எனது உடன்படிக்கையின்படி முதற் பகுதியில் நிலைபேறான அபிவிருத்தி, ஜி.ஐ.எஸ். அறிமுகம் ஆகியவையும், இரண்டாம் பகுதியில் நகரப் புவியியல், காலநிலையும் நிலவுருவாக்கமும் ஆகியவையும் உள்ளன. இவற்றில் முதலாவதையும் கடைசியையும் மாற்ற நான் கோரவில்லை.

நகரப் புவியியல் பாடம் இந்த அரையாண்டில் சுவீடிஷ் மொழியில் மட்டுமே நடத்தப்படும் என்று கடந்த வாரம் நடந்த அறிமுகக் கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆங்கில மொழி மூலமான வகுப்பு வசந்தகால அரையாண்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் இருப்பேன். ஆகவே அந்தப் பாடத்தை நான் விரும்பினாலும் இங்கு கற்க வழியில்லை. எமது துறையின் கட்டாய அலகான நகரப் புவியியலுக்கு ஈடாகவே இப்பாடம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டிருப்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. அதை நீக்கினால் அந்தக் கட்டாய அலகை நான் எப்போது, எவ்விதம் நிறைவுசெய்வது என்பதைத் தாங்களே சொல்ல முடியும். அடுத்த வருட மாணவரோடு சேர்ந்து அவ்வலகைக் கற்கவும் பரீட்சை எழுதவும் அனுமதி கிடைக்குமாயின், மேலதிக வேலைச்சுமையை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஜி.ஐ.எஸ். பாடத்தின் நிலை வேறு. அது தடையின்றி நடைபெறுகிறது, நன்றாகவும் நடத்தப்படுகிறது. ஆனால் அதன் பாடத்திட்டத்தில் உள்ள ஆள்கூற்று முறைமைகள், அடுக்குகளை மேற்பொருத்தல், செய்மதிப் படங்களை வகைப்படுத்தல் ஆகிய பகுதிகளை நாம் இரண்டாம் வருடத்திலேயே QGIS மென்பொருளில் செய்முறையாகக் கற்றுவிட்டோம். எமது பாடத்திட்டத்தையும் நான் அப்போது சமர்ப்பித்த ஒப்படையையும் இங்குள்ள விரிவுரையாளரிடம் காட்டியபோது, தனது பாடத்தில் எனக்குப் புதிதாக இருக்கக்கூடியது மிகச் சிறிய பகுதியே என்று அவர் கூறினார். புலமைப்பரிசிலில் கிடைத்த ஓர் அரையாண்டின் நான்கிலொரு பங்கை ஏற்கெனவே கற்றதை மீளக் கற்பதில் செலவிட எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

இவ்விரு இடங்களுக்கும் நான் முன்மொழிபவை, முதற் பகுதியில் அடிப்படை நீரியல், இரண்டாம் பகுதியில் நிலத்தடி நீரியல். இரண்டும் ஏழரை கிரெடிட் பாடங்கள், இரண்டும் ஆங்கில மொழி மூலமானவை. ஆகவே மொத்தம் முப்பது கிரெடிட் மாறாது, புலமைப்பரிசில் நிபந்தனையும் பாதிக்கப்படாது. நீரியல் வகுப்பு கடந்த திங்கட்கிழமை ஆரம்பமானது. தங்கள் அனுமதி கிடைக்கும்வரை வகுப்புகளைத் தவறவிடாதிருக்க, விரிவுரையாளரின் சம்மதத்துடன் முதல் விரிவுரையிலிருந்தே அதில் அமர்ந்து வருகிறேன். அதேவேளை ஜி.ஐ.எஸ். வகுப்புக்கும் தொடர்ந்து செல்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும் எந்தப் பாடத்திலும் நான் பின்தங்க மாட்டேன்.

இப்பாடங்களை ஏன் தெரிந்தெடுத்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வலிகாமம் கிழக்கில் தோட்டக் கிணறுகளின் உவர்த்தன்மை, நைத்திரேற்றுச் செறிவு ஆகியவற்றின் பருவகால மாற்றத்தை எனது ஆய்வுக்கட்டுரைக்கான தலைப்பாகத் தாங்கள் கடந்த வருடம் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டீர்கள். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், வழுக்கியாறு கூட மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் நிலையில், குடிநீருக்கும் தோட்டத்துக்கும் நாம் நம்பியிருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை மட்டுமே. அந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது என்பதையும், கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பின்படி கடல் மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் ஒரு மீற்றர் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பதையும் தங்கள் விரிவுரையில்தான் முதன்முதலில் கேட்டேன். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர்நீர் எவ்வளவு மேலேறும் என்று அன்று தாங்கள் கரும்பலகையில் கணித்துக் காட்டியதே இத்தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம்.

ஆனால் என்னிடம் இப்போதுள்ள அறிவைக் கொண்டு கிணறுகளின் அமைவிடத்தைப் படத்தில் குறிக்கவும், ஆய்வுகூடம் தரும் பெறுமானங்களை நிறந்தீட்டிக் காட்டவுமே முடியும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கிணறு நன்னீராகவும் மற்றொன்று உவராகவும் இருப்பது ஏன், இறைப்பின் அளவா, சுண்ணக்கல்லின் வெடிப்புகளா, கிணற்றின் ஆழமா என்று பிரித்தறிய நிலத்தடி நீரோட்டத்தின் கணிதம் தேவை. நைத்திரேற்றிலும் இதே நிலைதான். ஒரு கிணற்றின் பெறுமானம் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சுகிறது என்று எழுதிவிடலாம். அது வெங்காயத் தோட்டத்துக்கு இட்ட பசளையிலிருந்து வந்ததா, மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா என்பதற்கு நீர் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. தோட்டக்காரர்களுக்குப் பயன்படக்கூடிய பதில் அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் குறிப்பிட்ட நிலத்தடி நீரியல் பாடத்தில் இறைப்புச் சோதனைகள், உவர்நீர் ஊடுருவல், மாசுகளின் நகர்வு என மூன்றும் தனித்தனி அலகுகளாக உள்ளன. உப்சாலா நகரின் குடிநீர் பனிக்கட்டியாற்றுப் படிவாலான நீண்ட சரளை மேட்டிலிருந்து பெறப்படுகிறது. ஃபீரிஸ் ஆற்றின் நீரை அம்மேட்டுக்குள் செயற்கையாக ஊறச்செய்து நிலத்தடி நீரைப் பெருக்குகிறார்கள். பாடத்தின் களப்பயணம் அங்குதான் நடைபெறுகிறது. சரளை மேடும் எமது சுண்ணக்கல்லும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எனினும் நீரை நிலத்துக்குள் ஊறவிடும் முறைகளை நேரில் காண்பது, குளங்களையும் கேணிகளையும் மீள்நிரப்பலுக்குப் பயன்படுத்துவது பற்றிய எனது கடைசி அத்தியாயத்துக்கு நேரடியாக உதவும். சுவீடனின் கரையோரத் தீவுகளில் உள்ள வீட்டுக் கிணறுகளிலும் உவர்நீர் ஏறும் பிரச்சினை இருப்பதால் அத்தரவுகளைக் கொண்டே பயிற்சிகள் வழங்கப்படுகின்றன.

இப்பாடத்தைப் பின்னொரு காலத்தில் கற்கலாமே என்ற கேள்வி எழக்கூடும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் பெப்ரவரி மாதத்தில் முதல் மாதிரிகளை எடுத்து, வரட்சியின் இறுதியான செப்டெம்பர் வரை தொடர்வது எனது திட்டம். சனவரி நடுப்பகுதியில் பாடம் முடிந்து நான் ஊர் திரும்பியதும் களவேலை தொடங்கிவிடும். எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எத்தனை நாளுக்கொருமுறை அளப்பது என்பதை அதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

கிரெடிட் கணிப்பைப் பொறுத்தவரை, இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் ஐம்பது கற்றல் மணித்தியாலங்களையும், ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் இருபத்தைந்து முதல் முப்பது மணித்தியாலங்களையும் குறிப்பதால், ஏழரை ஐரோப்பிய கிரெடிட் எமது மூன்று கிரெடிட் அலகொன்றுக்குப் போதுமானது என்று எண்ணுகிறேன். நீரியலை எமது மூன்றாம் வருடத் தெரிவு அலகொன்றுக்கு ஈடாக ஏற்பதில் சிக்கல் இராது. நிலத்தடி நீரியலுக்கு நேரொத்த அலகு எம்மிடம் இல்லை. அதைத் தெரிவு அலகாகக் கொள்வதா, சான்றிதழில் மேலதிகப் பாடமாக மட்டும் பதிவதா என்பது தங்கள் முடிவு. மேலதிகப் பாடமாகவே கொள்ளப்பட்டாலும் அதைக் கற்கவே விரும்புகிறேன்.

இன்னொரு விடயத்திலும் தங்கள் உதவி தேவை. நிலத்தடி நீரியலுக்கு முன்தேவையாகப் பல்கலைக்கழக மட்டக் கணிதம் கேட்கப்படுகிறது. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் கற்றவள். ஆயினும் முதலாம் வருடத்தில் புள்ளிவிபரவியலும் இரண்டாம் வருடத்தில் அளவறி முறைகளும் கற்றிருக்கிறேன். இவற்றின் உள்ளடக்கத்தைக் குறிப்பிட்டு, என்னால் இப்பாடத்தைத் தொடர முடியும் என்று துறை கருதுமாயின் அதனைத் தெரிவித்து ஒரு கடிதம் தந்தால், என்னைச் சேர்த்துக்கொள்வதாகப் பாட இணைப்பாளர் கூறியுள்ளார். முதலிரு கிழமைகளில் வகையீட்டுக் கணிதத்துக்கு மாலை நேரத் துணை வகுப்புகள் உண்டு. அவற்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

மாற்றங்களைப் பதியும் படிவத்தில் நானும், இங்குள்ள இணைப்பாளரும், எமது துறை சார்பில் தாங்களும் ஒப்பமிட வேண்டும். 19ஆம் திகதிக்குள் அது கிடைக்க வேண்டும் என்று இங்கு கேட்டிருக்கிறார்கள். துறைத் தலைவரின் அல்லது பீடச் சபையின் அங்கீகாரமும் தேவைப்படுமாயின் காலம் மிகக் குறுகியது. அதனாலேயே இந்தக் கிழமைக்குள் சந்திப்பைக் கோருகிறேன். நேரம் ஒத்துவராவிடில், திங்கட்கிழமை 15ஆம் திகதி தங்களுக்கு வசதியான எந்த வேளையிலும் இணைவேன். அன்று எனக்கு வகுப்பு இருந்தாலும் அனுமதி பெற்றுக்கொள்கிறேன்.

முன்மொழிந்த மாற்றங்களைத் தாங்கள் முழுமையாக ஏற்க இயலாத நிலையில், ஜி.ஐ.எஸ். பாடத்தையே தொடர்ந்துகொண்டு, நகரப் புவியியலின் இடத்தில் மட்டும் நிலத்தடி நீரியலை எடுக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். ஆய்வுக்கட்டுரைக்கு இன்றியமையாதது அந்த ஒன்றே.

ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின் பிரதி, நான் நிரப்பிய மாற்றப் படிவம், புதிய பாடங்கள் இரண்டினதும் பாடத்திட்டங்கள், எனது முதலிரு வருடப் பெறுபேறுகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். சந்திப்புக்கான சூம் இணைப்பை, தாங்கள் நேரத்தை அறிவித்தவுடன் அனுப்பி வைப்பேன். தொலைபேசியில் பேசுவதே வசதியெனில், விண்ணப்பப் படிவத்திலுள்ள வட்ஸ்அப் இலக்கத்தில் என்னை எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
தி. மயூரிகா
புவியியற் சிறப்புக் கற்கை, மூன்றாம் வருடம்