பென்சில் குறி

மதுரை விளக்குத்தூண் அருகில் இருந்த அந்தத் துணிக்கடையில் சம்பளப் பதிவேட்டைப் பிரிக்கும்போதெல்லாம், கணக்கர் மாணிக்கம் மர அடிக்கோல் ஒன்றைப் பக்கத்தின் குறுக்கே வைத்துக்கொள்வார். கையெழுத்திட வருபவரின் கண்ணுக்கு அவருடைய பெயரும், ஒரு ரூபாய் வருவாய் முத்திரையும், அதன் பக்கத்தில் பென்சிலால் இட்ட பெருக்கல் குறியும் மட்டுமே படும். தொகைக் கட்டங்களை அவருடைய இடக்கை மறைத்திருக்கும்.

2023 தீபாவளி முடிந்த வாரத்தில், தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், மூன்று மாதக் கையெழுத்தை ஒரே இரவில் வாங்கிவிட முதலாளி உத்தரவிட்டார். சேலைப் பிரிவில் நிற்கும் செல்வியின் முறை வந்தபோது மாணிக்கத்தின் கைப்பேசி ஒலித்தது. அவர் கையை எடுத்தார்.

மாதச் சம்பளம் 14,200. வைப்புநிதி 1,704, ஈஎஸ்ஐ 107 போக, கையில் கொடுத்தது 12,389. உறையில் வைத்து அவளுக்குக் கொடுத்ததோ 9,000. இரவு பதினொன்றுவரை சேலை மடித்த ஐப்பசி மாதத்திற்கும் மிகைநேரக் கட்டத்தில் கோடுதான் இழுக்கப்பட்டிருந்தது.

“போன ஆனியில் மகள் படிப்புக் கடனுக்குச் சம்பளச் சான்று கேட்டேனே, அண்ணே, நினைவிருக்கிறதா?” என்றாள் செல்வி. “வங்கியில் கேட்டார்கள், கொஞ்சம் கூட்டி எழுதித் தாருங்கள் என்று முதலாளியிடம் நின்றேன். கொடுக்காத சம்பளத்தை எப்படி எழுதித் தருவது, நான் பொய்க்கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.”

மாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் போடுவதுதானே, தாயி. சட்டத்துக்காக எழுதுவது.”

“அப்படியானால் இதே தொகைக்கு எனக்கு ஒரு சீட்டு எழுதி, முதலாளி கையெழுத்தோடு கொடுங்கள். உடனே போடுகிறேன்.”

அவர் பதில் சொல்லவில்லை. அடிக்கோல் விலகியிருந்ததால் முதல் வரிசையும் அவளுக்குத் தெரிந்தது: மாணிக்கம், 26,500. பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் இருப்பவர், மாதக் கடைசியில் தேநீர்க் கடையில் பாக்கி சொல்லும் மனிதர், அந்தத் தொகைக்கு நேரே தெளிவாகக் கையெழுத்திட்டிருந்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது புரிந்தும், அவர் அடிக்கோலை நகர்த்தவில்லை.

மாடிக்குப் போய்த் திரும்பி வந்தவர், “நாளையிலிருந்து உனக்குக் கிடங்கில் வேலையாம், அதிகாரி போன பிறகு மேலே வரலாமாம்,” என்றார்.

“கிடங்குக்கும் அதிகாரி வருவார் இல்லையா, அண்ணே?”

மாணிக்கம் அழிப்பானை எடுத்து, அவள் பெயருக்கு நேரே இருந்த மூன்று பெருக்கல் குறிகளையும் அழித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.