டுரியான் லாரிக்கு முன்னால் ஒரு பேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஆறரை. சாலையோரம் லாரியின் பின்கதவு திறந்திருக்கிறது. கம்பத்துப் பழம் மூன்று மூன்றாகக் கூறு கட்டியிருக்கிறது; அட்டையில் ‘கூறு 25 வெள்ளி’. பக்கத்துக் கூடையில் டி24 ரக டுரியான், கிலோ 18 வெள்ளி.

வாங்குபவர்: வணக்கம்ண்ணே. பழம் இன்னிக்கு விழுந்ததா?

விற்பவர்: காலையில பொறுக்கினது தங்கச்சி. காம்பப் பாருங்க.

காம்பை நகத்தால் லேசாகக் கீறினால் ஈரம் தெரிய வேண்டும். சுருங்கிக் காய்ந்திருந்தால் பழம் பழசு. விலைக்கு முன் பழத்தை விசாரிப்பதில் ஒரு லாபம் உண்டு: இவருக்குப் பழம் தெரியும் என்று விற்பவர் அப்போதே கணக்குப் போட்டுவிடுவார்.

வாங்குபவர்: நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கூறு எடுத்தா எவ்வளவுண்ணே?

விற்பவர்: அம்பது. பெருக்கல் கணக்குதானே.

வாங்குபவர்: கொஞ்சம் கழித்தல் கணக்கும் போடுவோமே. 36 வெள்ளி.

விற்பவர்: ஐயோ! அந்தக் காசுக்கு முள்ளுதான் தரலாம்.

வாங்குபவர்: முள்ளு வேணாம்ண்ணே. எங்க வீட்டுப் பக்கம் குப்பை லாரி செவ்வாய்க்கிழமைதான் வரும்.

விற்பவர்: (சிரித்து) சரி, 46.

ஐம்பதுக்கு 25 என்று ஆரம்பித்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. பழம் எடுத்த முதல், எண்ணெய்க் காசு இரண்டும் அவர் தலையில்; பாதி விலை கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதுபோல. கால்வாசிக்குச் சற்று அதிகமாகக் குறைத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும்.

வாங்குபவர்: 40. ஆனா இந்தப் பழத்துல ஓட்டை இருக்கே?

விற்பவர்: அணில் கடிச்சது. அணில் கடிச்ச பழம்தான் இனிக்கும்.

வாங்குபவர்: அப்ப அணில்கிட்டயும் பாதிக் காசு வாங்குங்கண்ணே.

விற்பவர்: உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. வேற பழம் மாத்தித் தரேன். 43.

வாங்குபவர்: 42. ஆறையும் இங்கேயே லேசாப் பிளந்து காட்டுங்க. சுளை பழுக்காம இருந்தாலும் புழு இருந்தாலும் மாத்தித் தரணும்.

விற்பவர்: சரிம்மா, 42. பிளந்து பாத்துட்டே கொண்டு போங்க.

அந்தக் கடைசி நிபந்தனை ஒரு வெள்ளியைவிடப் பெரிது. காசு கைமாறிய பிறகு கேட்டால் அது சண்டை. விலையோடு சேர்த்துக் கேட்டால் பேரத்தில் ஒரு பகுதி.

வாங்குபவர்: டி24 ஒண்ணும் பாக்கலாமா? இந்தா, இது.

விற்பவர்: 2.1 கிலோ. 37 வெள்ளி 80 காசு.

வாங்குபவர்: பழத்த ஒரு தடவ எடுத்துட்டு, தராசு சைபர் காட்டுதான்னு பாத்துக்கலாமாண்ணே?

விற்பவர்: பாருங்க, சைபர். திரும்ப வைக்கறேன். அதே 2.1.

வாங்குபவர்: ரொம்ப சரி. கிலோ 15 போடுங்க, 31 வெள்ளி 50 காசு.

விற்பவர்: எடுத்த முதலே 14. பதினேழுக்குக் கீழ கட்டாது. 35 வெள்ளி 70 காசு.

வாங்குபவர்: மொத்தமா 33?

விற்பவர்: இல்லம்மா. ஒரு பழம் கெட்டாலும் என் கைக்காசு போயிரும்.

டுரியானில் சுளை ஏறக்குறைய கால் பங்குதான், மீதி தோலும் கொட்டையும். இந்தப் பழத்தில் தேறுவது அரைக் கிலோ சுளை. அதற்கு 35 கொடுக்கலாமா என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. இன்னொரு முறை குறைத்துக் கேட்டால் மட்டும் நச்சரிப்பாகிவிடும்.

வாங்குபவர்: நியாயம்தாண்ணே, உங்களுக்கும் கட்டணும். பழம் அருமையா இருக்கு, என் பட்ஜெட்தான் எட்டல. இத எடுத்த இடத்துலயே வெச்சிடறேன்.

விற்பவர்: பத்து மணிக்கு மிச்சமிருந்தா வாங்க, பாத்துக்கலாம்.

வாங்குபவர்: அதுக்குள்ள வித்துப்போகட்டும்ண்ணே. எனக்காக எடுத்து வைக்காதீங்க.

விலகும்போது பழத்தைக் குறை சொல்வதும் ‘அந்தக் கடையில மலிவு’ என்பதும் வேண்டாத வேலை. விற்பவர் 33-க்குச் சம்மதித்திருந்தால் வாங்கியே ஆக வேண்டும். தான் சொன்ன விலையை விட்டு ஓடுகிறவருக்கு அடுத்த வாரம் நல்ல கூறு கிடைக்காது. கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் நடிப்பென்று அவருக்குத் தெரியும்.

வாங்குபவர்: இந்தாங்க, அம்பது.

விற்பவர்: மீதி எட்டு வெள்ளி, எண்ணிக்குங்க. சாப்பிட்டுட்டுத் தோலுல தண்ணி ஊத்திக் குடிங்க, சூடு தணியும்.

வாங்குபவர்: தோலுக்குத் தனிக் காசு இல்லியே?

விற்பவர்: அத அணில் கணக்குல எழுதிக்கறேன், போயிட்டு வாங்க.