செஜாரா டிரையல், கெர்த்தாஸ் 2: நேரத்தை எப்படிப் பிரிப்பது, நீளக் கேள்வியை எப்படி எழுதுவது

செந்தூல் மாலை வகுப்பு படிவம் 5 பிள்ளைகளுக்கு. அடுத்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நம் மாதிரித் தேர்வு. தாள் 150 நிமிடம், 100 புள்ளி. முதல் பகுதியில் நான்கு கட்டமைப்புக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளி, நான்கையும் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் ஐந்து கட்டுரைக் கேள்விகள், அதில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. செஜாராவில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது 2013 முதல் இருக்கிற விதி, அதை மறுபடி சொல்லிப் பயமுறுத்தப் போவதில்லை. படித்ததைக் குறித்த நேரத்துக்குள் புள்ளியாக மாற்றுவது எப்படி, அதுதான் இங்கே விஷயம்.

முதலில் கணக்கு. 150 நிமிடத்தில் தொடக்கத்தில் பத்தை வாசிப்பதற்கும் கடைசியில் பத்தைச் சரிபார்ப்பதற்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 130. அதை 100 புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 1.3 நிமிடம். அப்படியானால் கட்டமைப்புப் பகுதிக்கு 52 நிமிடம், ஒரு கட்டுரைக்கு 26 நிமிடம். இந்த 26 என்ற எண் உங்கள் விரலுக்கே பழகிப்போக வேண்டும். ஆனால் தேர்வு அறையில் யாரும் நிமிடத்தை எண்ணிக்கொண்டு உட்காருவதில்லை, அதனால் அதைக் கடிகார நேரமாக மாற்றிக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள்:

2.10 தொடக்கம்
3.02 கட்டமைப்பு முடிவு
3.28 முதல் கட்டுரை முடிவு
3.54 இரண்டாவது முடிவு
4.20 மூன்றாவது முடிவு
4.30 தாளைக் கொடுப்பது

ஸ்மார்ட் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு முள் வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டி வாருங்கள். சுவர்க் கடிகாரத்தையும் ஆசிரியரின் குரலையும் மட்டும் நம்பி இருக்காதீர்கள்; கே.எல்.லில் நான்கு மணிக்கு மழை பிடித்தால் தகரக் கூரைக்குக் கீழே “இன்னும் அரை மணி நேரம்” என்று அவர் சொல்வது பின் வரிசைக்குக் கேட்கவே கேட்காது. இன்னொன்று, இரண்டு மணித் தேர்வுக்கு முன்னால் நாசி கண்டார் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் கண் தானாக மூடும்.

இந்த அட்டவணையை எழுதிவைப்பது சுலபம். 3.28 ஆனதும் எழுதிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போவதுதான் கஷ்டம். நன்றாகத் தெரிந்த கேள்வி என்றால் கை நிற்காது, இன்னும் ஒரு கருத்து, இன்னும் ஒரு உதாரணம் என்று நாற்பது நிமிடம் போய்விடும், கடைசிக் கட்டுரைக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஒரு கேள்வியில் முதல் பத்து, பன்னிரண்டு புள்ளிகள் சீக்கிரம் வரும். அதற்கு மேல் ஒவ்வொன்றும் இழுத்துப் பிடித்துத்தான் வரும். பதினாறு எடுத்த கட்டுரையைப் பதினெட்டாக்க நீங்கள் செலவழிக்கிற அதே பத்து நிமிடத்தில், ஒன்றுமே எழுதாத கட்டுரையில் ஏழெட்டு எடுத்துவிடலாம். அதனால் நேரம் வந்ததும் நிறுத்துங்கள், கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள், 4.20க்கு மேல் ஞாபகம் வந்தால் அங்கே வந்து எழுதிக்கொள்ளலாம்.

சரி, அந்த முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? கட்டமைப்புக் கேள்விகளை அப்போது வாசிக்க வேண்டாம், எப்படியும் நான்கையும் எழுதத்தான் போகிறீர்கள். நேராகக் கட்டுரைப் பகுதிக்குப் போய் ஐந்தையும் முழுவதுமாக வாசியுங்கள். முழுவதுமாக என்றால் (அ), (ஆ), (இ) மூன்று பிரிவையும். பலர் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், “ஆ, மலாயன் யூனியன், படித்தேனே!” என்று குதிக்கிறார்கள், அப்புறம் (இ) பிரிவில் எட்டுப் புள்ளிக்குக் கேட்டிருக்கிற உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கீழிருந்து மேலாக வாசிப்பது நல்லது: முதலில் (இ), உங்களால் அதற்கு நாலு கருத்தாவது சொல்ல முடியுமா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஞாபகம் வருகிற பெயர், ஆண்டு, இடம் எல்லாவற்றையும் கிறுக்கி வையுங்கள். முழு வாக்கியம் தேவையில்லை. மூன்று மணிக்கு மூளை களைத்த பிறகு அந்தக் கிறுக்கல்தான் உங்களுக்குச் சோறு போடும்.

கட்டமைப்பை முதலில் எழுதுவதா, கட்டுரையையா என்று எப்போதும் கேட்கிறீர்கள். நான் கட்டமைப்பு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் சின்னச் சின்ன விடைகள் கையைச் சூடாக்கும், அங்கே கொடுத்திருக்கிற படமோ பத்தியோ சில நேரம் கட்டுரைக்கும் உதவும். கட்டுரையில் தொடங்கினால்தான் மனம் அமைதியாக இருக்கும் என்பவர்கள் தாராளமாக அப்படிச் செய்யுங்கள், நேர அட்டவணையை மட்டும் அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எழுதுவது. ஒரு கேள்வியையே எடுத்துப் பார்ப்போம். தேர்வில் மலாயில்தான் எழுதப் போகிறீர்கள், இங்கே பேச்சு வசதிக்காகத் தமிழில்.

(அ) மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் எதிர்த்ததற்கான காரணங்களை விளக்குக. 6 புள்ளி.
(ஆ) அவர்கள் எதிர்ப்பைக் காட்டிய வழிகளை விளக்குக. 6 புள்ளி.
(இ) ஒரு சமூகம் ஒன்றுபட்டுச் செயல்படுவதால் கிடைக்கும் நன்மைகளைப் பற்றி உங்கள் கருத்து என்ன? 8 புள்ளி.

1.3ஆல் பெருக்கினால் முதல் இரண்டுக்கும் எட்டெட்டு நிமிடம், மூன்றாவதற்குப் பத்து. கேள்வி ‘ஜெலாஸ்கான்’ என்கிறது, ‘நியாதாகான்’ இல்லை. வெறும் பட்டியல் போட்டால் பாதிதான் கிடைக்கும். நம் தாளில் ஒரு ஃபாக்தாவுக்கு ஒரு புள்ளி, அதை விரிக்கும் ஹுராயானுக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்கு மூன்று காரணம், மூன்றையும் விரிக்க வேண்டும். ஒரு காரணம் கூடுதலாகப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம், ஏதாவது ஒன்று தவறிப்போனால் அது காப்பாற்றும். ஆறு ஏழு காரணம் எழுதினால் நேரம்தான் வீண்.

புள்ளி வராத விடை இப்படி இருக்கும்: “மலாயன் யூனியன் மலாய்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அது அவர்களுக்கு மிகவும் பாதகமாக இருந்தது. ஆகவே அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.” மூன்று வாக்கியம், ஆனால் கேள்வியில் இருந்ததையே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

புள்ளி வருகிற விடை: “சுல்தான்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. இஸ்லாம் சமயம், மலாய் வழக்கங்கள் ஆகியவை தவிர மற்ற ஆட்சி அதிகாரம் பிரிட்டிஷ் கவர்னரின் கைக்குப் போனது.” முதல் வாக்கியம் ஃபாக்தா, இரண்டாவது ஹுராயான், முடிந்தது. அடுத்த காரணம் குடியுரிமை: ஜுஸ் சோலி முறையில் மலாயாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை சுலபமாகக் கிடைக்கும் என்பதால் தங்கள் நிலை பாதிக்கப்படும் என்று மலாய்க்காரர்கள் அஞ்சினார்கள். மூன்றாவது, ஹெரல்ட் மெக்மைக்கல் கையெழுத்து வாங்கிய விதம்: சுல்தான்களுக்குக் கலந்து பேச அவகாசம் தராமல் அவசரப்படுத்தினார், மறுத்தால் பதவி போகலாம் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் புதுப் பத்தி, நடுவே ஒரு வரி இடைவெளி. திருத்துகிறவர் நூறு தாள் பார்த்துக் களைத்தவர், எங்கே ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அவரைத் தேட வைக்காதீர்கள்.

(ஆ)வில் பெயரும் தேதியும்தான் பலம். 1946 மார்ச் 1 முதல் 4 வரை மலாய் காங்கிரஸ் கூடியது நம் கம்போங் பாருவில், சுல்தான் சுலைமான் கிளப்பில், எல்.ஆர்.டி.யில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது மறக்கவே கூடாது. 1946 ஏப்ரல் 1 அன்று எட்வர்ட் ஜென்ட் கவர்னராகப் பதவியேற்ற சடங்குக்குச் சுல்தான்கள் போகவில்லை. மலாய்க்காரர்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காட்டினார்கள். மே 11 அன்று ஜொகூர் பாருவில் அம்னோ உருவானது, டத்தோ ஓன் ஜாஃபார் தலைமையில். தேதி உறுதியாக ஞாபகம் இல்லையென்றால் ‘1946இல்’ என்று மட்டும் எழுதுங்கள். தப்பான தேதிக்கு அது எவ்வளவோ மேல்.

(இ)தான் பலரையும் கவிழ்ப்பது. ‘உங்கள் கருத்து’ என்றதும் “ஒற்றுமையே பலம், நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்” என்று ஆண்டு விழா மேடையில் பேசுவதுபோல் ஒரு பக்கம் போகிறது. எட்டுப் புள்ளி என்றால் நான்கு தனித்தனிக் கருத்து, ஒவ்வொன்றுக்கும் ‘எப்படி’ என்கிற ஒரு வரி. ஒன்றுபட்டால் அரசு கோரிக்கையைக் கேட்கும் என்று எழுதினால், எதிர்ப்புக்குப் பிறகு 1948 பிப்ரவரி 1 அன்று மலாயன் யூனியனுக்குப் பதிலாக மலாயாக் கூட்டரசு வந்ததைக் கூடவே எழுதுங்கள். (அ)வில், (ஆ)வில் எழுதியதே இங்கே சான்றாகிறது பாருங்கள். அடுத்த மூன்று கருத்தும் வேறு திசையில் போகட்டும்: பொருளாதாரம், பாதுகாப்பு, அடுத்த தலைமுறை என்று. ஒரே கருத்தை நாலு விதமாகச் சொன்னால் ஒரு முறைதான் புள்ளி.

முன்னுரை, முடிவுரை? இப்படிப் பிரிவு பிரித்துக் கேட்கிற செஜாரா கட்டுரைக்கு நம் தாளில் அதற்குப் புள்ளியே இல்லை, நேராக விடைக்குள் போங்கள். தமிழ், மலாய்த் தாள்களின் கட்டுரை வேறு, அங்கே முன்னுரை இல்லாவிட்டால் குறைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நாள் நேரம் ஓடிவிடும். 4.12 ஆகிவிட்டது, மூன்றாவது கட்டுரை இப்போதுதான் தொடங்குகிறது என்றால் பதறாமல் மூன்று பிரிவிலும் ஃபாக்தாக்களை மட்டும் தனித்தனி வாக்கியமாக வரிசையாக எழுதுங்கள். (அ)வை அழகாக முடித்துவிட்டு மற்ற இரண்டையும் தொடாமல் விடுவதைவிட இதில் அதிகம் கிடைக்கும். அந்த நாளில் கடைசிப் பத்து நிமிடச் சரிபார்ப்பையும் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் கேள்வி எண் சரியாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் எப்படியாவது பார்த்துவிடுங்கள். தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும், லிக்விட் காயும்வரை ஊதிக்கொண்டு உட்கார நேரமில்லை.

வியாழனுக்குள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேலே உள்ள மலாயன் யூனியன் கேள்வியை மலாயில், புத்தகத்தை மூடிவைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் போட்டுவிட்டு, 26 நிமிடத்தில் எழுதுங்கள். நேரம் முடிந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, மிச்சத்தை அதற்குக் கீழே எழுதி முடியுங்கள். கோட்டுக்கு மேலே எவ்வளவு வந்தது, கீழே எவ்வளவு போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு மாற்றித் திருத்தலாம்.