கம்பஹாவிலிருந்து வந்த பதிவுத் தபால்

“இது எனக்கு வந்த கடிதம் இல்லை, தம்பி. திருப்பிக் கொண்டு போங்கள்.”

மரியம்மா அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தபால்காரர் சூசை சைக்கிளை முருங்கையில் சாய்த்துவிட்டு உறையை மறுபடி பார்த்தார். பெயர் சரி, ஹெந்தளை சரி. அனுப்பியது மட்டும் மாவட்ட அரசாங்க அலுவலகமான கம்பஹா கச்சேரி.

“நான் மனுக் கொடுத்தது கொழும்புக் கச்சேரிக்கு. கம்பஹாவில் எனக்கு யாரைத் தெரியும்?”

1978 செப்டம்பரில் கொழும்பு மாவட்டத்தைப் பிரித்துக் கம்பஹா மாவட்டத்தை உருவாக்கினார்கள். களனி ஆற்றுக்கு வடக்கே வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு எல்லாம் புதிய மாவட்டத்துக்குள் போயின. ஆனால் ஹெந்தளைச் சனங்கள் வழக்கம்போலப் பாலம் கடந்து கொழும்புக்கே வேலைக்குப் போனார்கள்; கடிதங்களும் வத்தளைத் தபாற் கந்தோர் வழியாகவே வந்தன. மாவட்டம் மாறியதைப் பலர் மறந்தே போனார்கள்.

வாங்க மறுத்தால் அப்படியே எழுதித் திருப்பி அனுப்பலாம். சூசைக்கு மனம் வரவில்லை. கால்வாய்க் கரையில் குடியிருக்கும் துண்டுக் காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு அக்கா எழுதிய மனுவை முத்திரை ஒட்டிக் கொண்டுபோனவரே அவர்தான். கணவர் போன பிறகு அக்காவுக்கு அந்த மண்ணை விட்டால் வேறு பிடி இல்லை.

“மனுவுக்குத் தந்த துண்டு இருக்கிறதா, அக்கா?”

பிஸ்கட் டின்னைத் திறந்து எடுத்து வந்தார். சூசை அதை உறையோடு சேர்த்துப் பிடித்தார். பழைய அச்சு உறை அது. ‘கொழும்பு’ என்ற சிங்கள எழுத்துகளை நீல மையால் வெட்டி, மேலே ‘கம்பஹா’ என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். முத்திரை சரிந்து விழுந்ததில் பழைய பெயர் பாதி தெரிந்தது. மூலையில் பேனாவால் எழுதிய கோப்பு இலக்கம் துண்டில் இருந்ததேதான்.

“உங்கள் கோப்பைத்தான் அங்கே மாற்றியிருக்கிறார்கள்.”

அக்கா இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். உறையைப் பிரித்துச் சூசையிடமே நீட்டினார். கடிதம் சிங்களத்தில் இருந்தது.

“வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காணி விசாரணை. நீங்கள் நேரில் போக வேண்டும்.”

“கொழும்பென்றால் ஒரே பஸ். கம்பஹாவுக்கு எப்படிப் போவது?”

மாவட்டத்தைப் பிரித்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஹெந்தளைக்கு வரவில்லை. தபால்காரர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“ராகமைக்குப் பஸ்ஸில் போய், அங்கே ரயில் ஏறுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அக்கா. கேட்பதெல்லாம் சிங்களத்தில்தான் இருக்கும்.”

“மகன் குவைத்திலிருந்து எழுதும்போது கொழும்பு மாவட்டம் என்றுதானே போடுகிறான். அந்தக் கடிதம்?”

“ஹெந்தளை, வத்தளை என்று இருந்தால் என் பைக்கு வந்துவிடும்.”

அக்கா கடிதத்தை மடித்து டின்னுக்குள் வைத்தார். பிறகு வேலியோரம் போய், பக்கத்து வீட்டு ஆசிரியரின் மகளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, வியாழக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா?”