மருத்துவமனையில் இருப்பதால் கடன் தவணையை 4 மாதம் தள்ளிவைக்கக் கோரி விண்ணப்பம்

நாள்: 03.10.2025
இடம்: ஆசாரிப்பள்ளம்

அனுப்புநர்:
செ. ஜெயசிங்,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.
(தற்போது: உள்நோயாளி, எலும்பு முறிவுப் பிரிவு, கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வங்கிக் கிளை, தக்கலை.

பொருள்: லோடு ஆட்டோ கடன் – 2025 அக்டோபர் முதல் 2026 ஜனவரி வரையிலான 4 தவணைகளில் அசலைத் தள்ளிவைத்து, வட்டியை மட்டும் மாதாமாதம் செலுத்த அனுமதி வேண்டுதல்.

பார்வை: 4417 என முடியும் கடன் கணக்கு. கடன் தொகை ரூ.5,00,000, 60 தவணை, ஆண்டு வட்டி 10.5 சதவீதம், மாதத் தவணை ரூ.10,747.

ஐயா,

மேற்கண்ட கடனுக்கு 2023 ஜூலை முதல் கடந்த செப்டம்பர் 10ஆம் தேதி வரை 27 தவணைகள் தவறாமல் செலுத்தியுள்ளேன். ஒரு தவணைகூட நிலுவையில் இல்லை. அடுத்த தவணை நாள் அக்டோபர் 10. அது தவறிய பிறகு எழுதுவதைவிட முன்கூட்டியே தெரிவிப்பதே முறை என்பதால் இந்த விண்ணப்பத்தை இன்றே கொடுத்தனுப்புகிறேன்.

செப்டம்பர் 14ஆம் தேதி மாலை இருசக்கர வாகனத்தில் வரும்போது அழகியமண்டபம் சந்திப்பு அருகே விபத்தில் சிக்கினேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அன்றிரவே காயத்தைச் சுத்தம் செய்து, வெளியிலிருந்து கம்பி பொருத்தினார்கள். காயம் சுத்தமான பின் தோல் ஒட்டும் சிகிச்சையும், அதன் பின் எலும்பின் உள்ளே கம்பி பொருத்தும் அறுவையும் செய்ய வேண்டும் என மருத்துவர் கூறியுள்ளார். நவம்பர் நடுவில் வீடு திரும்பலாம் என்றும், ஜனவரி முடியும்வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றும் சான்றில் எழுதியிருக்கிறார். பிரேக் மிதிக்க வேண்டிய கால் அது. எனவே பிப்ரவரிக்கு முன் நான் வண்டி ஓட்ட வழியில்லை.

வங்கிக்கு அடமானமாக உள்ள லோடு ஆட்டோ விபத்தில் சிக்கவில்லை. வீட்டு முற்றத்தில் நல்ல நிலையில் நிற்கிறது. இந்த வாரம் எடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன. அதன் காப்பீடு நவம்பர் 22இல் முடிகிறது. புதுப்பிப்பதற்கான பணத்தை வீட்டில் தனியே எடுத்து வைத்துவிட்டோம்.

குலசேகரம் பகுதியிலிருந்து ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், வாழைக்குலை ஏற்றி மாதம் சராசரியாக ரூ.26,000 கையில் நின்றது. இப்போது அது அடியோடு நின்றுவிட்டது. முந்திரி ஆலைக்குப் போகும் என் மனைவி எனக்குத் துணையாக வார்டில் இருக்க வேண்டியிருப்பதால் வாரத்தில் 3 நாளே வேலைக்குச் செல்கிறார். நவம்பர் முதல் என் மைத்துனர் லோடு ஆட்டோவை ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் இலகுரக வாகன உரிமம் உண்டு. மழையில் பால்வெட்டு குறைவதால் லோடும் குறையும். அவர் கூலியும் டீசலும் போக, வட்டி கட்டும் அளவுக்காவது மிஞ்சும் என்று கணக்கிட்டிருக்கிறேன். முழுத் தவணைக்கு எட்டாது.

27 தவணைக்குப் பின் அசல் நிலுவை சுமார் ரூ.3,06,900. இதற்கு நாளொன்றுக்கு வட்டி ஏறத்தாழ ரூ.88. மாதத்தின் நாட்களைப் பொறுத்து ரூ.2,650 முதல் ரூ.2,740 வரை வரும். இதை 4 மாதமும் 10ஆம் தேதிக்குள் கட்டிவிடுகிறேன். 2026 பிப்ரவரி 10 முதல் பழையபடி ரூ.10,747 செலுத்துவேன். 2028 ஜூனில் முடிய வேண்டிய கடன் அக்டோபரில் முடியும். இதனால் எனக்கு ஏற்படும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒரு தவணை அளவு. வட்டியையும் கட்டாமல் விட்டு அசலோடு சேர்த்தால் பிப்ரவரியில் நிலுவை சுமார் ரூ.3,17,800 ஆகிவிடும், காலமும் 4 மாதத்துக்கு மேல் நீளும். அது வேண்டாம் என்றே வட்டி கட்டும் வழியைக் கேட்கிறேன். கிளையின் கணக்கில் ரூபாய்க் கணக்கு சற்று மாறினால் தங்கள் கணக்கையே ஏற்றுக்கொள்கிறேன்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவணைத் தொகை என் சேமிப்புக் கணக்கிலிருந்து 10ஆம் தேதி தானாக எடுக்கப்படும்படி ஏற்பாடு உள்ளது. அதில் இன்று ரூ.6,140 மட்டுமே இருக்கிறது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே ரூ.10,747 எடுக்க முயன்றால் பணம் போதாமல் திரும்பும். அதற்குக் கட்டணமும் விழும், தவணை தவறியதாகவும் பதிவாகும். எனவே முடிவு தெரியும்வரை அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். அக்டோபர் மாத வட்டிக்காக ரூ.2,740ஐ மனைவியிடம் கொடுத்தனுப்பியுள்ளேன். கடன் கணக்கில் வரவு வைத்து ரசீது தர வேண்டுகிறேன்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகும் என்பதை அறிவேன். தள்ளிவைப்பையே கடன் மறுசீரமைப்பாகக் கொள்வீர்களா, கடன் தகவல் நிறுவனங்களுக்கு அது எப்படித் தெரிவிக்கப்படும், தண்டக் கட்டணம் உண்டா என்பவற்றை ஒப்புதல் ஆணையிலேயே எழுதித் தாருங்கள். வாய்மொழியாகச் சொன்னது பிறகு கணினியில் இல்லாமல் போனால் இரு தரப்புக்கும் சங்கடம். கோரிக்கை மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டியதானால் அனுப்பிய தேதியைத் தெரிவியுங்கள். ஏற்க இயலாவிட்டாலும் காரணத்தை எழுத்தில் தெரிவித்தால் வேறு ஏற்பாடு தேட அவகாசம் கிடைக்கும்.

ஜாமீன்தாரரான என் அண்ணன் செ. தங்கராஜிடம் விவரம் சொல்லி, தவணைக் காலம் நீள்வதற்கு அவர் சம்மதக் கடிதம் வாங்கியிருக்கிறேன். ஜாமீன்தாரர் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனை மாறினால் அவர் பொறுப்பு விலகிவிடும் என்று வங்கி தயங்கக்கூடும் என்பதால் இதை முதலிலேயே இணைத்துள்ளேன். புதிய ஒப்பந்தத்தில் நான் கையொப்பமிட வேண்டியிருந்தால், அலுவலர் ஒருவர் மாலை பார்வையாளர் நேரத்தில் வார்டுக்கு வந்தால் போதும். படுத்தபடி போட்ட கையெழுத்து மாதிரிக் கையெழுத்திலிருந்து சற்றுக் கோணலாக இருக்கலாம். அதற்காகவே இந்த விண்ணப்பத்தில் பணி மருத்துவரின் சான்றொப்பமும் முத்திரையும் பெற்றுள்ளேன்.

கடன் வாங்கும்போது அதனுடன் சேர்த்து ஒரு காப்பீட்டுக்கும் பிரீமியம் பிடிக்கப்பட்டது. பாலிசி நகல் என்னிடம் இல்லை. விபத்துக்கும் மருத்துவமனைவாசத்துக்கும் அதில் பயன் உண்டா என்று பார்த்து நகல் தந்தால் உதவியாக இருக்கும். மனு கொடுக்கக் காலவரம்பு இருக்கக்கூடும் என்பதால் இதையும் சேர்த்தே கேட்கிறேன்.

என் சார்பாக இந்த விண்ணப்பத்தைக் கொடுக்கவும் பதில் பெறவும் மனைவி ஜெ. கலாவுக்கு அதிகாரம் அளித்துள்ளேன். இரண்டாம் படியில் பெறப்பட்ட தேதியும் கிளை முத்திரையும் இட்டு அவரிடம் தர வேண்டுகிறேன். தொடர்புக்கு, கணக்கில் பதிவான என் கைபேசியே அவரிடம் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. ஜெயசிங்

இணைப்புகள் (மருத்துவமனைத் தாள்களின் அசல் மனைவியிடம் உள்ளது, ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தரவும்):
1. உள்நோயாளிச் சேர்க்கைச் சீட்டு நகல்
2. எலும்பு முறிவுப் பிரிவு மருத்துவரின் சான்று – சேர்ந்த தேதி, உள்நோயாளி எண், செய்த சிகிச்சை, காலை ஊன்றக் கூடாத காலம் ஆகியவற்றுடன்
3. விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே அறிக்கை
4. முதல் தகவல் அறிக்கை நகல்
5. சேமிப்புக் கணக்குப் பாஸ்புக், கடைசி 6 மாதப் பக்கங்கள்
6. லோடு ஆட்டோ பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, 4 படங்கள்
7. மைத்துனரின் ஓட்டுநர் உரிம நகலும் சம்மதக் கடிதமும்
8. ஜாமீன்தாரர் சம்மதக் கடிதம்
9. மனைவிக்கான அதிகாரக் கடிதம், இருவரின் ஆதார் நகல் (முதல் 8 இலக்கம் மறைத்தது)